"அக்கல்வெட்டு" என்றால் எந்தக் கல்வெட்டு?

உத்திரமேரூர்க் குடவோலை முறையில் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட வயது என்ன இருக்க வேண்டும்? தேடிப் பாருங்கள். சில கட்டுரைகளில் 30 முதல் 60 வரை என்று இருக்கும். சிலவற்றில் 35 முதல் 70 வரை. இரண்டு தரப்புமே "கல்வெட்டு கூறுகிறது" என்றுதான் எழுதியிருப்பார்கள். யாரும் கதை விடவில்லை, இரண்டும் கல்வெட்டில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இருப்பது ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் இந்த இரண்டும் முதலாம் பராந்தகன் காலத்தவை. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 921. கல்வெட்டுத் துறையின் 1898ஆம் ஆண்டுத் தொகுப்பில் 1, 2 என்ற எண்களில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே ஊர், ஒரே மன்னன், ஒரே சபை, ஒரே விஷயம். முதல் கல்வெட்டில் வயது 30க்கு மேல், 60க்குக் கீழ். இரண்டே வருஷத்தில் சபை மறுபடி கூடி 35க்கு மேல், 70க்குக் கீழ் என்று மாற்றியிருக்கிறது.

எனக்கு இதில் சுவாரசியமே அந்த மாற்றம்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர்ச்சபை விதி போட்டது, ஓட்டிப் பார்த்தது, திருத்தியது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால் முதல் பதிப்பு, அப்புறம் இரண்டாம் பதிப்பு. ஆனால் நாம் படிக்கிற பெரும்பாலான கட்டுரைகளில் இந்தத் திருத்தம் காணாமல் போய்விடுகிறது. எழுதியவர் ஆதாரத்தைப் பார்க்காததால்தான் என்று சொல்ல முடியாது. பார்த்தவர்கள் எழுதியதிலும் காணாமல் போகிறது. முதல் வாக்கியத்தில் ஆதாரத்தை முழுசாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆறு வாக்கியத்துக்கு "அக்கல்வெட்டு", "இதில்", "மேற்படி", "அதே" என்று ஓட்டும்போது, எங்கேயோ தண்டவாளம் மாறிவிடுகிறது. இந்தப் பதிவு அந்த இடத்தைப் பற்றியது.

இப்படி ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். யாருடையதும் அல்ல, நானே உருவாக்கியது. ஆனால் படித்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

"உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உறுப்பினர் ஆவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. வயது 30க்கு மேல் 60க்குள் இருக்க வேண்டும். அரைக்கால் வேலி மட்டுமே இருந்தாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் போதும் என்றும் இதில் உள்ளது. இது சோழர் கால ஊராட்சியின் முதிர்ச்சியைக் காட்டுகிறது. மன்னன் அனுப்பிய அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்தார்."

ஏழு வாக்கியம். சரளமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தகவலும் தனித்தனியாகச் சரி. ஆனால் நாலாவது வாக்கியத்தின் வயது வரம்பு 12ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருப்பது. ஐந்தாவது வாக்கியத்தின் அரைக்கால் வேலி விலக்கு 14ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருப்பது. நடுவில் "இதில்" என்ற ஒரே சொல் இரண்டையும் தைத்துவிட்டது. கடைசி வாக்கியத்தின் அதிகாரி யார்? முதல் கல்வெட்டில் வருபவர் தத்தனூர் மூவேந்தவேளான். இரண்டாவதில் வருபவர் சோமாசிப்பெருமான். "அதிகாரி ஒருவர்" என்றதும் இரண்டு மனிதர்கள் ஒருவராகிவிட்டார்கள். இந்தப் பத்தியில் வருகிற சபை எந்த வருஷத்திலும் கூடியதே இல்லை.

இன்னொன்று ஆறாவது வாக்கியம். "இது முதிர்ச்சியைக் காட்டுகிறது" என்பது கல்வெட்டு சொல்வதில்லை, எழுதியவர் கருத்து. அதற்கு முன்னாலும் பின்னாலும் கல்வெட்டுச் செய்தி இருப்பதால், அதுவும் ஆதாரத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது.

இதற்குப் பயந்துகொண்டு நேர் எதிர்ப்பக்கம் போகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "(முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஆண்டறிக்கை 1898)" என்று முழுசாக ஒட்டுவார்கள். தவறே வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு வாக்கியத்துக்குள் கண் அடைப்புக்குறியைத் தாண்டிக் குதிக்கப் பழகிவிடும். ஐந்தாவது அடைப்புக்குறியில் 12க்குப் பதில் 14 என்று இருந்தால் யார் கவனிப்பார்கள்? அதாவது, எங்கே ஆதாரம் மாறுகிறதோ அந்த இடத்தைத்தான் வாசகர் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் பலகை வைத்தால் திருப்பத்தில் இருக்கிற பலகை தெரியாது.

ஆகவே தேவையானது மூன்று விஷயம். ஆதாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் அதை எந்தப் பெயரால் கூப்பிடுகிறோம். 

பெயரில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். தமிழில் இ, அ என்ற சுட்டு இரண்டும் கைக்கு வசதியாக இருக்கின்றன. இக்கல்வெட்டு என்றால் இப்போது பேசிக்கொண்டிருப்பது, அக்கல்வெட்டு என்றால் சற்று முன் சொன்னது என்று ஒரு எழுத்தாளர் கறாராகக் கடைப்பிடித்தால் இரண்டு ஆதாரங்களைப் பிரித்துக் காட்டவே முடியும். ஆனால் நடைமுறையில் அப்படி யாரும் செய்வதில்லை. ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்பதற்காக ஒரு வாக்கியத்தில் இ, அடுத்ததில் அ என்று மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழக்கம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் பாடத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லாதே என்று பழக்கியதன் விளைவோ என்னவோ. கதையில் அது நடை. ஆதாரம் காட்டும் எழுத்தில் பெயரை மாற்றினால், வாசகர் ஆளே மாறிவிட்டார் என்று நினைப்பார். கல்வெட்டு, சாசனம், ஆவணம், பொறிப்பு என்று ஒரே கல்லுக்கு நாலு பெயர் வைப்பதும் இதே வியாதிதான்.

"முந்தைய கல்வெட்டு, பிந்தைய கல்வெட்டு" என்று வைத்தால்? முதலில் நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் "முந்தைய" என்பதற்குக் காலத்தால் முந்தையது என்றும் பொருள், என் கட்டுரையில் முன்னால் சொன்னது என்றும் பொருள். நான் 14ஆம் ஆண்டுக் கல்வெட்டை முதலில் விவரித்துவிட்டு, பிறகு மற்றதற்கு வந்தால் சொல் தலைகீழாகிவிடும். "919 கல்வெட்டு" என்று வைக்கலாம், ஆனால் ஆட்சியாண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றும்போது ஒரு வருஷம் முன்பின் ஆகும். ஒரு புத்தகத்தில் 919 என்றும் இன்னொன்றில் 918 என்றும் பார்க்கிற வாசகர் மூன்றாவதாக ஒரு கல்வெட்டு இருக்கிறதோ என்று தேடப் போவார். அதனால் கல்லிலேயே இருக்கிற ஆட்சியாண்டைப் பெயராக வைப்பதுதான் உத்தமம். 12ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 14ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை, பத்து தடவை வந்தாலும் பத்து தடவையும் அதே ஆள்.

பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இது எப்போதோ தெரிந்த வித்தை. பழைய பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஊர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் ஒரே ஒரு தடவை வரும். பிறகு "நம்மில் 1 லக்கமிட்டவர்", "நம்மில் 2 லக்கமிட்டவர்" என்று கடைசிப் பக்கம் வரை போகும். சொத்து விவரமும் அப்படித்தான். 'அ' தபசில், 'ஆ' தபசில் என்று பெயர் வைத்துவிட்டால் நான்கெல்லையைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

அதே பத்திரத்தில் இன்னொரு முறையும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் மேற்படி. தமிழில் மேற்படிக்கு என்று தனிக் குறியே உண்டு: ௸. நாள், மாதம், வருஷம், வரவு, பற்று ஆகியவற்றின் குறிகளோடு சேர்ந்து 2003இல் யூனிகோடின் 4.0 பதிப்பில் இது இடம்பிடித்தது, எண் U+0BF8. தட்டச்சில் இந்தக் குறி இல்லாததால் பத்திரங்களில் "ஷை" அல்லது "ஷெ" என்று அடித்திருப்பார்கள். ஷை சொத்து, ஷையார். ஒரு சர்வே எண்ணும் ஒரு ஆளும் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நாலாவது பக்கத்தில் "ஷையார் ஷையாருக்குக் கொடுத்த ஷை தொகை" என்று வரும்போதுதான் வக்கீலுக்கு வேலை கிடைக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கணினிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1 லக்கமிட்டவர் என்பது பெயர், எங்கே எடுத்து வைத்தாலும் அதே ஆளைக் காட்டும். மேற்படி என்பது `../` மாதிரி, தான் நிற்கிற இடத்தைப் பொறுத்துக் காட்டும். கோப்பை வேறு அடுக்குக்கு நகர்த்தினால் எங்கேயோ போய் நிற்கும்.

ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் வரும் "மேலது, ப. 45" என்பதும் இந்த இரண்டாம் வகைதான். ஆங்கில நூல்களில் இதன் இடத்தில் இபிட் என்று இருக்கும், "அதே இடத்தில்" என்று பொருள்படும் இபிடெம் என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். சரியாகப் பயன்படுத்தினால் ரொம்ப நல்ல கருவி. நேர் மேலே இருக்கிற அடிக்குறிப்பில் ஒரே ஒரு நூல் மட்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் எழுதி முடித்த பிறகுதான் விபத்து நடக்கிறது. அடிக்குறிப்பு 7இல் நூல் பெயர், 8, 9, 10இல் மேலது, மேலது, மேலது. இரண்டு மாதம் கழித்து 8க்கும் 9க்கும் நடுவில் ஒரு புது வாக்கியமும் புது ஆதாரமும் சேர்க்கிறோம். எண்களை வேர்டு தானே திருத்திவிடும். மேலது என்ற சொல்லைத் திருத்தாது. பழைய 9உம் 10உம் சத்தமில்லாமல் புது நூலைக் காட்ட ஆரம்பிக்கின்றன. எந்தப் பிழைச் செய்தியும் வராது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பக்க எண்ணைச் சரிபார்ப்பது. 120 பக்க நூலுக்கு "மேலது, ப. 318" என்று இருந்தால் நடுவில் ஏதோ நுழைந்திருக்கிறது என்று தெரியும்.

ஆங்கிலத்தில் பதிப்பாசிரியர்களின் வேதமான சிகாகோ கையேடும் 2017இல் வந்த 17ஆம் பதிப்பில் இபிட்டைத் தவிர்த்து, ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் பக்க எண்ணும் போடச் சொல்லிவிட்டது. மேலது என்பதற்குப் பதில் "சாஸ்திரி, சோழர் நிர்வாகம், ப. 45" என்று போடுவது போல. இரண்டு சொல் கூடுதல், ஆனால் எங்கே நகர்த்தினாலும் உடையாது.

பெயர் விஷயம் இவ்வளவுதான். தொடக்கமும் முடிவும் இன்னும் நுட்பமானவை, அதிலும் தமிழில்.

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "நிலம் வேண்டும் என்றும், வீடு வேண்டும் என்றும், வயது இவ்வளவு என்றும் 12ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது." மூன்று செய்திக்கு ஒரே ஒரு ஆதாரச் சுட்டு, திரும்பச் சொல்லாமலே. "என்றும்" அவ்வளவு வேலை செய்கிறது. ஆனால் வாக்கியம் முடிகிற வரைக்கும் யார் சொல்வது என்று தெரியாது. மூன்று "என்றும்" வரை தாங்கும். ஏழு, எட்டு என்று போனால் வாசகர் முதல் செய்தியை ஆசிரியர் கூற்றாக மனதில் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார். அப்போது ஆதாரத்தை முன்னால் தூக்கிவைப்பது நல்லது. "12ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கும் தகுதிகள் இவை" என்று ஒரு வாக்கியம். பிறகு தகுதிகளைச் சாதாரணச் சின்ன வாக்கியங்களாக எழுதிக்கொண்டே போகலாம், ஒவ்வொன்றிலும் "என்கிறது" தேவையில்லை.

பேச்சில் இதற்கு அழகான கருவி ஒன்று உண்டு, "ஆம்" விகுதி. "வயசு முப்பதுக்கு மேல இருக்கணுமாம், சொந்த வீடு வேணுமாம்." ஒவ்வொரு வாக்கியத்திலும் இது என் கூற்று இல்லை, கேட்டது, படித்தது என்று ஓர் எழுத்தில் சொல்லிவிடுகிறது. இதை எழுத்தில் பயன்படுத்த எனக்கு ஆசைதான். ஆனால் எழுத்தில் "இருக்க வேண்டுமாம்" என்றால் ஒரு நக்கல், ஒரு சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. கல்வெட்டை நம்பவில்லையோ என்று வாசகர் நினைப்பார். நம்பாதபோது போடுங்கள், கச்சிதமாக இருக்கும்.

முடிவைச் சொல்வதைத்தான் அநேகம் பேர் விட்டுவிடுகிறோம். கல்வெட்டுச் செய்தி தீர்ந்து நம் ஊகம் தொடங்கும் இடத்தில் ஒரு சொல் போதும்: "என் கணிப்பில்", "இதிலிருந்து தோன்றுவது". அந்த ஒரு சொல் முன்னால் வந்த வாக்கியங்கள் எல்லாம் கல்வெட்டினுடையவை என்றும் உறுதிப்படுத்திவிடும். பத்தி முடிவில் ஒரே அடிக்குறிப்பு எண் போடுகிற வழக்கத்தில் இருக்கும் ஓட்டையையும் இதுதான் அடைக்கும். எண் மட்டும் இருந்தால் அது கடைசி வாக்கியத்துக்கா, பத்தி முழுவதற்குமா என்று தெரியாது.

இந்த எல்லைக்கோடு உத்திரமேரூர் விஷயத்தில் மூன்று அடுக்காக இருக்கிறது. கல் ஓர் அடுக்கு. அதைப் படித்துப் பதிப்பித்த வெங்கய்யா போன்றோர் ஓர் அடுக்கு. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறும் நிர்வாகமும் பற்றிய ஆங்கில ஆய்வுத் தொகுப்பு இன்னோர் அடுக்கு. இரண்டாவது விதித் தொகுப்பு, முதலாவதை நடைமுறைப்படுத்தியபோது தெரிந்த குறைகளைச் சரிசெய்ய வந்தது என்பது சாஸ்திரியின் பார்வை. நியாயமான பார்வை. ஆனால் அது அவருடைய வாதம். "கல்வெட்டு 14ஆம் ஆண்டில் வயதை மாற்றியது. முதல் விதிகளில் குறைகள் இருந்தன" என்று அடுத்தடுத்து எழுதினால் சாஸ்திரியின் வாதம் கல்லில் ஏறிவிடும். நடுவில் "சாஸ்திரி கருதுவது போல" என்று மூன்று சொல் சேர்த்தால் அடுக்கு தெரிகிறது. நாம் கல்லையே படிக்காமல் சாஸ்திரி வழியாக மட்டும் படித்திருந்தால், தொடக்கத்திலேயே "சாஸ்திரி தரும் பாடத்தின்படி" என்று ஒருமுறை சொல்லிவிடலாம். அது அந்தப் பத்தி முழுவதற்கும் காவல்.

இப்போது அந்தப் பழைய பத்தியைத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்.

"உத்திரமேரூரின் வாரியத் தேர்வு பற்றி முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆண்டுக் கல்வெட்டும் 14ஆம் ஆண்டுக் கல்வெட்டும் பேசுகின்றன. இரண்டிலும் ஊர் முப்பது குடும்புகள். இரண்டிலும் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். 12ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது 30க்கு மேல் 60க்குக் கீழ். அந்தச் சபையில் மன்னன் சார்பில் இருந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். 14ஆம் ஆண்டுக் கல்வெட்டோ வயதை 35க்கு மேல் 70க்குக் கீழ் என்று மாற்றுகிறது. அரைக்கால் வேலியே இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவரைச் சேர்த்துக்கொள்கிறது. இம்முறை உடனிருந்தவர் சோமாசிப்பெருமான். முதல் விதிகளை நடத்திப் பார்த்ததில் கண்ட குறைகளே இதற்குக் காரணம் என்பது நீலகண்ட சாஸ்திரியின் கருத்து. வயதின் கீழ்வரம்பை உயர்த்தியதில் அனுபவம் உள்ளவர்களை நாடிய எண்ணம் தெரிகிறது என்பது என் ஊகம்."

வாக்கியம் மூன்று கூடியிருக்கிறது. முழு ஆதாரம் ஒரே ஒருமுறைதான் வருகிறது. "அந்தச் சபையில்", "இம்முறை" என்று சுட்டுச் சொற்களும் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் ஒரே ஒரு கல்வெட்டுதான் நிற்கிறது. "சேர்த்துக்கொள்கிறது" என்ற வினைக்கு எழுவாய் எழுதவே இல்லை. முன் வாக்கியத்தின் எழுவாயே தொடர்கிறது, தமிழில் இது இயல்பு. சரிபார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒவ்வொரு வாக்கியமாக விரல் வைத்து "இதைச் சொன்னது யார்?" என்று கேளுங்கள். இரண்டு பதில் வந்தாலோ, பதில் சொல்ல மூன்று வாக்கியத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருந்தாலோ, அங்கே பெயரைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

பத்தி மாறினாலும் அப்படியே. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் நடைக் கையேடும், ஒரே ஆதாரத்திலிருந்து எடுத்து எழுதுவது ஒரு பத்திக்குள் தொடர்கிறவரை, குழப்பம் இல்லையென்றால் முதல் வாக்கியத்தில் சொன்னது போதும் என்கிறது. அடுத்த பத்திக்குத் தாண்டினால் ஆதாரத்தை மறுபடி சொல்லச் சொல்கிறது. நமக்கு இதில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. நாம் எழுதுவதில் ஒரு பத்தியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள். "அக்கல்வெட்டில் வயது 35 முதல் 70" என்று தொடங்குகிற பத்தி அங்கே போய்ச் சேரும்போது "அ" எதைச் சுட்டியது என்று சொல்ல மேலே எதுவும் இருக்காது. அங்கிருந்து இன்னொருவர் எடுத்து, 12ஆம் ஆண்டு என்று போட்டு, அடுத்த கட்டுரையை எழுதுவார்.